ஒரே பங்கு, இரண்டு விலை: அடக்க விலையைச் சரியாகக் கணக்கிடுவது

ஒரு நிறுவனத்தின் பங்கை 480 ரூபாய் வீதம் 60 வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதம் கழித்து விலை 410க்கு இறங்கி நிற்கிறது. கையில் பணம் இருக்கிறது, இன்னும் 140 பங்கு வாங்குகிறீர்கள். இப்போது மொத்தம் 200. ஒரு பங்கு உங்களுக்கு என்ன விலைக்கு அடங்கியிருக்கிறது? 480ஐயும் 410ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 445 என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சரியான விடை 431. நடுவில் இருக்கும் 14 ரூபாயைச் சின்ன வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. நாளைக்குச் சந்தையில் விலை 438 ஆனால், 445ஐ நம்பியவர் தனக்கு 1,400 ரூபாய் நஷ்டம் என்று நினைப்பார். உண்மையில் அவர் 1,400 ரூபாய் லாபத்தில் இருக்கிறார்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்: அடக்க விலை என்பது போட்ட பணத்தைக் கையில் உள்ள எண்ணிக்கையால் வகுத்தால் வரும் ஈவு. விலைகளுக்கு நடுப்புள்ளி தேடினால் அது கிடைக்காது. மளிகைக் கடைக்காரர் பத்து மூட்டை அரிசியை ஒரு விலைக்கும் முப்பது மூட்டையை இன்னொரு விலைக்கும் எடுத்தால், இரண்டு விலைக்கும் நடுவில் அடக்கம் போடமாட்டார். மொத்தம் எவ்வளவு கொடுத்தோம், எத்தனை மூட்டை வந்தது என்றுதான் பார்ப்பார். பங்கிலும் அதே கணக்குதான். ஈவு என்று புரிந்துகொண்டால் அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் கூடவே விளங்கிவிடும். பலர் தடுமாறுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். வகுத்தல் எல்லோருக்கும் வரும்.

கணக்கு போடும் வரிசை

1. இரண்டு கொள்முதலுக்குமான காண்ட்ராக்ட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரகு நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் அந்தத் தாளில்தான் உண்மையான விலை இருக்கும். ஆர்டர் போட்டபோது நீங்கள் குறித்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

2. ஒவ்வொரு கொள்முதலுக்கும் எண்ணிக்கையை விலையால் பெருக்குங்கள். முதலாவது: 60 × 480 = 28,800. இரண்டாவது: 140 × 410 = 57,400.

3. பணத்தைப் பணத்தோடு கூட்டுங்கள்: 28,800 + 57,400 = 86,200.

4. எண்ணிக்கையை எண்ணிக்கையோடு கூட்டுங்கள்: 60 + 140 = 200.

5. வகுங்கள்: 86,200 ÷ 200 = 431.

6. விடை சரிதானா என்று ஒரு நொடி பாருங்கள். அது இரண்டு விலைகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதிகம் வாங்கிய விலைப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 431 என்பது 480ஐவிட 410க்கு அருகில் இருக்கிறது, 140 பங்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. விடை 450 என்று வந்திருந்தால் எங்கோ இடம் மாறிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதல் படியில் ஒரு சிக்கல் வரலாம். 140 பங்குக்கு ஒரே ஆர்டர் போட்டிருப்பீர்கள், ஆனால் சந்தையில் அது இரண்டு துண்டாக நிறைவேறியிருக்கும்: 100 பங்கு 409.80க்கும் மீதி 40 பங்கு 410.50க்கும். காண்ட்ராக்ட் நோட்டில் இரண்டு வரி தெரிந்ததும், இப்போது மொத்தம் மூன்று கொள்முதல் ஆகிவிட்டதே, முறை மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. 40,980உடன் 16,420ஐக் கூட்டினால் அதே 57,400 வருகிறது. எத்தனை துண்டு, எத்தனை நாள், எத்தனை விலை என்றாலும் மேலே பணம், கீழே எண்ணிக்கை.

கணினியில் வைத்துக்கொள்பவர்கள் A பத்தியில் தேதி, Bயில் எண்ணிக்கை, Cயில் விலை, Dயில் கட்டணம் என்று நிரப்பி, கீழே இந்த ஒரு வரியை எழுதினால் போதும்:

```
=(SUMPRODUCT(B2:B3,C2:C3)+SUM(D2:D3))/SUM(B2:B3)
```

இதில் C பத்திக்கு மட்டும் AVERAGE போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது 445ஐத்தான் தரும். 445 சரியாக வருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: இரண்டு முறையும் சம எண்ணிக்கையில் வாங்கியிருந்தால். சம எண்ணிக்கை வேறு, சமப் பணம் வேறு என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் முறையும் ஏறக்குறைய அதே 28,800 ரூபாய்க்கு வாங்குவோம் என்று நினைத்தால் 410 விலையில் 70 பங்கு கிடைக்கும், 28,700 ரூபாய் ஆகும். அப்போது 57,500ஐ 130ஆல் வகுத்தால் 442 ரூபாய் 31 காசு. சமப் பணம் போட்டால் மலிவு விலையில் அதிகப் பங்கு கிடைப்பதால் அடக்க விலை நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும்.

"ஆப்பே காட்டுகிறதே, நான் எதற்குக் கணக்குப் போட வேண்டும்?"

நியாயமான கேள்விதான். சாதாரண நாட்களில் ஆப் காட்டும் சராசரி சரியாகவே இருக்கும். அது சரியாக இல்லாத நாட்கள்தான் பிரச்சினை, அந்த நாட்களை நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வேறொரு டீமேட் கணக்கிலிருந்து பங்குகளை மாற்றிக்கொண்டு வந்தால், வந்த பங்கை நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது புதிய தரகு நிறுவனத்துக்குத் தெரியாது. அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது வந்து சேர்ந்த நாளின் விலையை அது போட்டுவைத்திருக்கும். நீங்கள்தான் பழைய விலையையும் தேதியையும் பதிய வேண்டும். அதேபோல், ஆப்பில் தெரியும் சராசரி பெரும்பாலும் கட்டணங்கள் சேராத வெறும் விலைச் சராசரி. விற்ற பிறகு அது வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொரு சந்தர்ப்பம் போனஸும் முகமதிப்புப் பிரிப்பும். ரிலையன்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று என்று போனஸ் கொடுத்தது. அப்படிப்பட்ட நாளில் சந்தை விலை ஏறக்குறையப் பாதியாகத் திறக்கும், போனஸ் பங்குகளோ டீமேட் கணக்குக்கு வந்து சேரச் சில நாள் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் ஆப் பழைய அடக்க விலையையும் புதிய சந்தை விலையையும் ஒப்பிட்டு, 50 சதவீத நஷ்டம் என்று சிவப்பில் காட்டக்கூடும். அதைப் பார்த்துப் பதறி விற்றுவிடக் கூடாது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 200 பங்குக்கு 200 போனஸ் வந்தால் எண்ணிக்கை 400, பணம் அதே 86,200, அடக்க விலை 215 ரூபாய் 50 காசு. 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகப் பிரிக்கப்பட்டால் எண்ணிக்கை 1,000, அடக்க விலை 86 ரூபாய் 20 காசு. இரண்டிலும் மேலே இருக்கும் பணம் அசையவில்லை. டிவிடெண்ட் வந்தால் அதை மேலே கழிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது தனி வருமானம், அதற்குத் தனியாக வரியும் உண்டு. அடக்க விலைக்குள் அதைக் கலந்தால் பிறகு எந்தத் தாளோடும் ஒத்துப்பார்க்க முடியாது.

கட்டணங்களைச் சேர்த்தால்

431 என்பது பங்குக்கு மட்டும் கொடுத்த விலை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். டெலிவரிக்கு வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, 0.1 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். இவற்றோடு தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம், இந்த மூன்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. டெலிவரிக்குத் தரகே வாங்காத நிறுவனங்களும் உண்டு. நம் கணக்கில் ஆர்டருக்கு 20 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். முதல் கொள்முதலில் எஸ்டிடி 29, முத்திரை 4, ஜிஎஸ்டியோடு தரகு 23 ரூபாய் 60 காசு, சில்லறைக் கட்டணம் ஒரு ரூபாய். ஆக 58 ரூபாய் அளவில். இரண்டாவதில் 57, 9, 23.60, இரண்டு ரூபாய். ஆக 92 ரூபாய் அளவில். மொத்தம் 150 என்று வைத்தால் பங்குக்கு 75 காசு. அடக்கம் 431 ரூபாய் 75 காசு ஆகிறது.

வாங்கியதோடு செலவு முடிவதில்லை. விற்கும்போதும் 0.1 சதவீத எஸ்டிடி, தரகு, டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுத்துக்கொடுப்பதற்கான டிபி கட்டணம் எல்லாம் உண்டு. 200 பங்கையும் ஒரே நாளில் விற்றால் இவை ஏறக்குறைய 130 ரூபாய் வரும், பங்குக்கு 65 காசு. ஆக, கைக்காசு போகாமல் வெளியே வர 432 ரூபாய் 40 காசு அளவில் விற்க வேண்டும். இது பொருட்படுத்தக்கூடிய தொகையா என்றால், 86,200 ரூபாய் முதலீட்டில் இல்லை. ஆனால் 2,000 ரூபாய்க்கு வாங்குபவருக்கு ஆர்டருக்கு 23 ரூபாய் 60 காசு என்பதே ஒரு சதவீதத்துக்கு மேல். டிபி கட்டணமும் எத்தனை பங்கு விற்றாலும் அந்தப் பங்குக்கு அன்றைக்கு ஒரு தொகைதான், அதனால் துண்டு துண்டாகப் பல நாள் விற்றால் அது பெருகும். சின்னத் தொகைகளில் அடிக்கடி வாங்கி விற்பவர்கள் D பத்தியை விட்டுவிடக் கூடாது.

சராசரி இறங்கினால் நஷ்டம் இறங்குமா?

விலை இறங்கிய பங்கை மேலும் வாங்குவதைச் சந்தையில் "ஆவரேஜ் பண்ணுவது" என்பார்கள். 480இல் இருந்த அடக்கம் 431க்கு வந்துவிட்டது, பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதி அதில் இருக்கிறது. அந்த நிம்மதிக்கு அடிப்படை உண்டா என்று கணக்கில் பார்ப்போம். இரண்டாவது கொள்முதலுக்கு முந்தைய நிமிடம், விலை 410. உங்களிடம் 60 பங்கு, ஒவ்வொன்றிலும் 70 ரூபாய் நஷ்டம், மொத்தம் 4,200. வாங்கிய அடுத்த நிமிடம், விலை அதே 410. இப்போது 200 பங்கு, ஒவ்வொன்றிலும் 21 ரூபாய் நஷ்டம், மொத்தம் அதே 4,200. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. குறைந்தது சதவீதம் மட்டும்: 14.6இலிருந்து 4.9. பழைய நஷ்டத்தைப் பெரிய தொகையின் மேல் பரப்பியிருக்கிறோம், அதனால் மெல்லிசாகத் தெரிகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரூபாயில் நஷ்டம் குறையாவிட்டால் என்ன, மீள்வது எளிதாகிவிட்டதே என்பார்கள். முன்பு அசலைப் பார்க்க விலை 410இலிருந்து 480க்கு, அதாவது 17 சதவீதம் ஏற வேண்டும். இப்போது 431க்கு, ஐந்து சதவீதம் ஏறினால் போதும். இது உண்மைதான். ஆனால் 431இல் என்ன நடக்கிறது என்று இரண்டு கொள்முதலையும் பிரித்துப் பாருங்கள். பழைய 60 பங்கும் இன்னும் பங்குக்கு 49 ரூபாய் நஷ்டத்தில்தான் இருக்கிறது, மொத்தம் 2,940. புதிய 140 பங்கு பங்குக்கு 21 ரூபாய் லாபத்தில் இருக்கிறது, மொத்தம் 2,940. பழையது மீளவே இல்லை. புதிய பணம் சம்பாதித்ததை எடுத்துப் பழைய பள்ளத்தில் போட்டிருக்கிறோம். அதே 57,400 ரூபாயை வேறொரு பங்கில் போட்டு அது ஐந்து சதவீதம் ஏறியிருந்தாலும் இதே நிலைக்குத்தான் வந்திருப்பீர்கள்.

எனவே 410இல் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என்னிடம் இந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை என்றால், இந்த விலையில் இன்று 140 வாங்குவேனா? ஆம் என்றால் வாங்குங்கள், அதற்கு நிறுவனத்தின் வியாபாரம், கடன், லாபம் ஆகியவை காரணமாக இருக்கட்டும். சராசரி இறங்கும் என்பது காரணமாக முடியாது, ஏனென்றால் அது எந்தப் பங்கிலும், திவாலாகப் போகும் நிறுவனத்தின் பங்கிலும்கூட இறங்கும். விலை மேலும் 10 சதவீதம் விழுந்து 369க்கு வந்தால், இரண்டாம் முறை வாங்காதவரின் நஷ்டம் 6,660. வாங்கியவருக்கு 12,400.

ஏற்றத்தில் வாங்குபவர்களுக்கு இதே மயக்கம் தலைகீழாக வேலை செய்கிறது. 410இல் வாங்கிய நல்ல பங்கு 480க்குப் போன பிறகு, சராசரி கெட்டுவிடும் என்று கூடுதலாக வாங்கத் தயங்குவார்கள். சராசரி ஏறுவதால் முன்பு சம்பாதித்த லாபத்தில் ஒரு ரூபாயும் குறைவதில்லை.

வேண்டிய சராசரிக்கு எத்தனை பங்கு?

வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது என்று முடிவானால், எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம்.

1. பழைய அடக்க விலையிலிருந்து வேண்டிய அடக்க விலையைக் கழியுங்கள்.
2. அதைக் கையிருப்பு எண்ணிக்கையால் பெருக்குங்கள்.
3. வேண்டிய அடக்க விலையிலிருந்து இன்றைய சந்தை விலையைக் கழியுங்கள்.
4. இரண்டாவது படியின் விடையை மூன்றாவது படியின் விடையால் வகுங்கள். வாங்க வேண்டிய எண்ணிக்கை அதுதான்.

60 பங்கு 480 அடக்கத்தில் இருக்கிறது, சந்தை விலை 410. அடக்கம் 445 ஆக வேண்டுமென்றால் 60 பங்கு போதும், 24,600 ரூபாய். 420 ஆக வேண்டுமென்றால் 360 பங்கு, 1,47,600 ரூபாய். 412க்குக் கொண்டுவர 2,040 பங்கு, 8,36,400 ரூபாய். 410க்குக் கொண்டுவரவே முடியாது, மூன்றாவது படியில் பூஜ்யம் வந்து நிற்கும். 28,800 ரூபாயில் ஆரம்பித்த ஒருவர் அடக்க விலையைச் சந்தை விலைக்குப் பக்கத்தில் இழுக்க ஆசைப்பட்டால், ஒரே நிறுவனத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் போட வேண்டியிருக்கிறது. முதல் முறை வாங்கும்போதே இந்தப் பங்கில் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு, இந்தக் கணக்கின் விடை அதைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. கடன் வாங்கியோ, தரகு நிறுவனம் தரும் மார்ஜின் பணத்திலோ ஆவரேஜ் பண்ணக் கூடாது. விலை இன்னும் விழுந்தால் நீங்கள் முடிவெடுக்கும் முன்பே அவர்கள் விற்றுவிடுவார்கள்.

விற்கும்போது சராசரி செல்லாது

கையில் உள்ள 200இல் 100 பங்கை 450க்கு விற்கிறீர்கள். அடக்கம் 431, பங்குக்கு 19 ரூபாய், ஆக 1,900 லாபம் என்று மனம் கணக்குப் போடும். வருமான வரித் துறை அப்படிப் பார்ப்பதில்லை. டீமேட் பங்குகளில் முதலில் வந்தது முதலில் போனதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நேரடி வரிகள் வாரியத்தின் 1998ஆம் ஆண்டு சுற்றறிக்கை 768 இதை விளக்குகிறது. அதன்படி முதலில் போவது 480க்கு வாங்கிய 60 பங்கும்தான்: பங்குக்கு 30 ரூபாய் நஷ்டம், மொத்தம் 1,800. மீதி 40 பங்கு 410க்கு வாங்கியதிலிருந்து போகிறது: பங்குக்கு 40 லாபம், மொத்தம் 1,600. கூட்டிப் பார்த்தால் 200 ரூபாய் நஷ்டம்.

மிச்சமிருக்கும் 100 பங்கும் 410க்கு வாங்கியவை. அதனால் இந்த முறையைப் பின்பற்றும் ஆப்பில் நேற்று 431 என்று இருந்த சராசரி இன்று 410 என்று மாறித் தெரியும். ஆப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தால் கணக்கு ஒன்றுதான். சராசரி வழியில் விற்றதில் 1,900 லாபம், 450 விலையில் மிச்சத்தில் 1,900 லாபம், மொத்தம் 3,800. வரி வழியில் விற்றதில் 200 நஷ்டம், மிச்சத்தில் 4,000 லாபம், மொத்தம் அதே 3,800. லாபம் எப்போது வெளியே தெரிகிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

மொத்தம் ஒன்றுதானே, எதற்கு இந்தத் தலைவலி என்று கேட்டால், தேதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பதில் கிடைக்கும். முதல் 60 பங்கு 2024 மார்ச் 12இல் வாங்கியது, அடுத்த 140 பங்கு 2024 நவம்பர் 13இல், விற்றது 2025 ஜூன் 18இல் என்று வைப்போம். பட்டியலிடப்பட்ட பங்குக்கு 12 மாதம்தான் எல்லை. முதல் 60 பங்கு அதைத் தாண்டிவிட்டது, எனவே 1,800 ரூபாய் நீண்ட கால மூலதன நஷ்டம். 40 பங்கு தாண்டவில்லை, எனவே 1,600 ரூபாய் குறுகிய கால ஆதாயம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம், குறுகிய கால ஆதாயத்தில் கழிக்க முடியாது. அதனால் விற்றதில் 200 ரூபாய் நஷ்டப்பட்ட ஒருவர், அவருடைய மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், 1,600 ரூபாய்க்கு 20 சதவீதம், அதாவது 320 ரூபாய் வரியும் அதன் மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும். 1,800 ரூபாய் நஷ்டத்தை, வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால், எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். பின்னால் நீண்ட கால ஆதாயம் வந்தால்தான் அது பயன்படும். இந்த எண்களை நூறால் பெருக்கிப் பார்த்தால் வரி 32,000 ஆகிறது.

விற்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. வாங்கிய ஒவ்வொரு தொகுதியையும் தேதி வாரியாக எழுதுங்கள். அடக்க விலைப் பத்தியை ஒதுக்கி வையுங்கள்.

2. விற்க நினைக்கும் எண்ணிக்கையைப் பழைய தேதியிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.

3. கழிபடும் ஒவ்வொரு தொகுதிக்கும் 12 மாதம் முடிந்ததா என்று பாருங்கள். நம் கணக்கில் பழைய 60 பங்கை மட்டும் விற்று நிறுத்தியிருந்தால் அந்த 320 ரூபாய் வந்திருக்காது. அந்த 40 பங்கை நவம்பர் 13 தாண்டி விற்றிருந்தால் அவையும் நீண்ட காலக் கணக்குக்குள் வந்து, 1,800இல் கழிந்திருக்கும். அதுவரை விலை என்ன ஆகும் என்பது வேறு விஷயம். வரிக்காக மட்டும் காத்திருந்து விலையில் கோட்டைவிடுபவர்களும் உண்டு.

4. வரிக்கான அடக்கத்தில் தரகைச் சேர்க்கலாம், எஸ்டிடியைச் சேர்க்கக் கூடாது. உங்கள் D பத்தியில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் வேலை எளிது.

5. போனஸ் பங்கு இருந்தால், வரியைப் பொறுத்தவரை அதன் அடக்கம் பூஜ்யம், தேதி அது ஒதுக்கப்பட்ட நாள். மேலே போட்ட 215 ரூபாய் 50 காசு உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டும்தான். முகமதிப்புப் பிரிப்பில் அப்படி இல்லை, பழைய தேதியே தொடரும், விலை மட்டும் பிரியும்.

இந்த வரிசை டீமேட் கணக்கு வாரியாகவே நடக்கும். ஒரே பங்கு இரண்டு டீமேட் கணக்கில் இருந்தால், எதிலிருந்து விற்கிறீர்களோ அதில் முதலில் வந்ததுதான் முதலில் போகும். முதல் 60 பங்கு ஒரு கணக்கிலும் 140 பங்கு இன்னொன்றிலும் இருந்தால், எதை விற்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இன்னொன்று: ஒரே நாளில் 50 வாங்கி அன்றே 50 விற்றால் அது இன்ட்ராடே. கையில் உள்ள 200இலிருந்து எதுவும் போனதாக ஆகாது, அந்த லாப நஷ்டத்தைத் தனித் தாளில் எழுத வேண்டும், அடக்க விலை 431இலேயே இருக்கும்.